பீமுக்குப் பக்கத் தாங்கல் எத்தனை மீட்டருக்கு ஒன்று? ஐ.எஸ்.எம்.பி. 400-ஐ வைத்து ஒரு கணக்கு

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கையாக இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் உடனே தொய்யும். அதையே விளிம்பு மேலே பார்க்க நட்டமாக நிறுத்தி அழுத்திப் பாருங்கள். முதலில் விறைப்பாக நிற்கும், பிறகு எச்சரிக்கையே இல்லாமல் நடுப்பகுதி பக்கவாட்டில் புரண்டுவிடும். இரும்பு பீமிலும் இதுதான் நடக்கிறது. இதற்குப் பெயர் பக்கவாட்டு முறுக்கு நெளிவு. டிசைன் அலுவலகங்களில் சுருக்கமாக எல்.டி.பி. என்பார்கள்.

ஐ வடிவ பீமில் மேலும் கீழும் இருக்கும் படுக்கைப் பட்டைகள் ஃபிளேஞ்சுகள், அவற்றை இணைக்கும் நட்டமான தகடு வெப். பீமின் மேல் ஃபிளேஞ்ச் அழுத்தத்தில் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது படுக்க வைத்த ஒரு தூண்தான். தூண் எந்தத் திசையில் பலவீனமோ அந்தத் திசையில் நெளியும். கீழ்ப்பக்கம் போக வெப் விடாது, ஆகவே அதற்கு மிச்சமிருப்பது பக்கவாட்டுத் திசை மட்டும். கீழ் ஃபிளேஞ்சோ இழுவிசையில் நேராக நிற்கப் பார்க்கிறது. மேலே இருப்பது நகர, கீழே இருப்பது நகர மறுக்க, பீம் முறுக்கிக்கொள்கிறது. பெயரில் பக்கவாட்டு, முறுக்கு என இரண்டும் சேர்ந்து வருவது இதனால்தான்.

எடுத்துக்காட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ வடிவ பீமான ஐ.எஸ்.எம்.பி. 400. ஆழம் 400 மி.மீ., ஃபிளேஞ்ச் அகலம் 140, தடிமன் 16. செங்குத்து வளைவுக்கான நிலைமத் திருப்புத்திறன் 20,458 செ.மீ.⁴. பக்கவாட்டுக்கு வெறும் 622. கிட்டத்தட்ட 33-இல் ஒரு பங்கு! ஆழமான, ஒல்லியான பீம் சிக்கனமாகத் தெரிவதற்கும் புரண்டு விழுவதற்கும் காரணம் இந்த ஒரே விகிதம்.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு ஒரு தொழிற்சாலை மேடை. 8 மீட்டர் நீளமுள்ள நான்கு பீம்கள், 2.5 மீட்டர் இடைவெளியில். இரு முனையும் வெப் கிளீட்டால் தூணோடு போல்ட் செய்யப்பட்ட எளிய தாங்கல். மேலே கிளிப் போட்ட கிரேட்டிங். நேரடி எடை சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், கிரேட்டிங்கும் மற்ற நிலையான எடையும் 1 கிலோநியூட்டன். இரும்பு இ250, விதிநூல் ஐ.எஸ். 800:2007.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். ஓரத்து பீம்களுக்குப் பாதி எடைதான் வரும் என்பதால் உள்ளே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 × 2.5 = 15, அதோடு பீமின் சொந்த எடை 0.6, ஆக மீட்டருக்கு 15.6 கிலோநியூட்டன். எடைக்கான பாதுகாப்புக் காரணி 1.5-ஆல் பெருக்கினால் 23.4. வளைவுத் திருப்பம் 23.4 × 8² ÷ 8 = 187 கிலோநியூட்டன்-மீட்டர். இனி இந்த அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது பீம் புரளவே புரளாது என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் உச்ச பலம். பிளாஸ்டிக் மாடுலஸ் 1,176 செ.மீ.³, அதை இ250 இரும்பின் விளைவு வலிமையான 250-ஆல் பெருக்கி, பாதுகாப்புக் காரணி 1.10-ஆல் வகுத்தால் 267. தேவை 187, இருப்பது 267. புதியவர்கள் பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். டிஃப்ளெக்‌ஷனும் நேரடி எடைக்கு 16 மி.மீ.தான், நீளத்தில் 300-இல் ஒரு பங்கான 26.7-க்குள் அடங்கிவிடுகிறது. வெட்டு விசையும் கிட்டவே வராது. எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், புரளுவதைத் தவிர.

மூன்றாவது படி, நெளிவுக்கான பயனுறு நீளம். பீமின் பக்கவாட்டு நகர்வும் முறுக்கமும் தடுக்கப்படும் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்திலிருந்து இது கிடைக்கிறது. அந்தத் தூரத்தை அப்படியே போட்டுவிடக் கூடாது. எடை மேல் ஃபிளேஞ்சின் மேல் உட்கார்ந்து, ஃபிளேஞ்சோடு சேர்ந்து பக்கவாட்டில் நகரக்கூடியதாக இருந்தால், பீம் சாயத் தொடங்கியதும் அந்த எடையே அதை மேலும் தள்ளும். இத்தகைய எடைக்கு விதிநூல் முழு நீளத்தை 1.2 மடங்காக எடுக்கச் சொல்கிறது. இடையில் பக்கத் தாங்கல் கொடுத்து நீளத்தைத் துண்டாக்கினாலும் துண்டின் நீளத்தை 1.2-ஆல் பெருக்க வேண்டும். இந்த 1.2-ஐ விட்டுவிடுவது நிறைய எக்செல் தாள்களில் காணப்படும் பிழை. சிறிய எண்தானே என்று தோன்றும், அது எவ்வளவு தின்கிறது என்பதைக் கீழே பாருங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. முனைகளில் பீம் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கப்பட்டிருந்தால்தான் 1.2 போதும். கீழ் ஃபிளேஞ்சை மட்டும் ஒரு சீட் ஆங்கிள் மேல் வைத்து இரண்டு போல்ட் போட்டிருந்தால், முழு நீளக் கணக்கில் பயனுறு நீளத்தோடு பீமின் ஆழத்தின் இரு மடங்கையும் கூட்டவேண்டும். நம் பீமில் வெப் கிளீட் ஆழத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நான்காவது படி சூத்திரம். உருட்டித் தயாரித்த ஐ பிரிவுகளுக்கு விதிநூல் தரும் எளிய வடிவம் இது:

```
Mcr = (π²·E·Iy·hf / (2·LLT²)) · sqrt(1 + ((LLT/ry)/(hf/tf))² / 20)
λ   = sqrt(Zp·fy / Mcr)
φ   = 0.5·(1 + 0.21·(λ - 0.2) + λ²)
χ   = 1 / (φ + sqrt(φ² - λ²))
Md  = χ·Zp·fy / 1.10
```

`LLT` மேலே சொன்ன பயனுறு நீளம், `Iy` பக்கவாட்டு நிலைமத் திருப்புத்திறன், `tf` ஃபிளேஞ்ச் தடிமன், `Zp` பிளாஸ்டிக் மாடுலஸ், `fy` விளைவு வலிமை, `Md` கடைசியில் கிடைக்கும் பலம். `hf` என்பது இரு ஃபிளேஞ்சுகளின் நடுக்கோடுகளுக்கு இடையிலான உயரம், இங்கே 384 மி.மீ. பக்கவாட்டுச் சுழல் ஆரம் `ry` 28.2 மி.மீ. `Mcr` என்பது கோணலே இல்லாத, உள்ளழுத்தமே இல்லாத ஒரு கற்பனை பீம் புரளும் அளவு. நிஜ பீம் அதற்கு முன்பே விட்டுக்கொடுக்கும் என்பதால்தான் அதற்குப் பின் `χ` வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. 0.21 என்பது உருட்டிய பிரிவுக்கு. தகடு வெட்டி வெல்ட் செய்த பீம் என்றால் 0.49 போட வேண்டும், வெல்டிங் வெப்பம் விட்டுச்செல்லும் உள்ளழுத்தத்துக்காக. `λ` 0.4-க்குக் கீழே போய்விட்டால் எல்.டி.பி.யைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் வரிசையை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இடையில் தாங்கலே இல்லை, ஆகவே பயனுறு நீளம் 9.6 மீட்டர். `Mcr` 85 வருகிறது. `Zp·fy` 294. `λ` = 1.86, `φ` = 2.40, `χ` = 0.255. பலம் 68. அதாவது 267 என்று நினைத்த பீமில் நாம் பயன்படுத்தக்கூடியது நான்கில் ஒரு பங்கு. தேவையோ 187.

இனி இடையில் தாங்கல்களைச் சம தூரத்தில் கூட்டிக்கொண்டே போவோம்:

```
இடைத் தாங்கல்   இடைவெளி   பயனுறு நீளம்   Md
0               8.00 m      9.60 m        68
1               4.00 m      4.80 m        135
2               2.67 m      3.20 m        190
3               2.00 m      2.40 m        220
4               1.60 m      1.92 m        235
```

ஒரே ஒரு தாங்கல் பலத்தை இரட்டிப்பாக்குகிறது. இரண்டாவது 55 கூட்டுகிறது, மூன்றாவது 30, நான்காவது 15. எல்.டி.பி.யையே மறக்கும் அளவுக்குத் தாங்கல் வேண்டுமென்றால் 1 மீட்டருக்கும் குறைவான இடைவெளிக்குப் போகவேண்டியிருக்கும், அது வீண்.

இரண்டு தாங்கலில் 190, தேவை 187. தாளில் பாஸ். ஆனாலும் மூன்று போடுவதுதான் நல்லது என்பேன். இரண்டு தாங்கலோடு பீமை மூன்றாகப் பிரித்தால் நடுத் துண்டில்தான் திருப்பம் உச்சம், அதுவும் துண்டு முழுக்க ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறது. நெளிவுக்கு இதைவிட மோசமான நிலைமை இல்லை. மூன்று தாங்கல் என்றால் ஒன்று சரியாக நடுவில் விழுகிறது, நடுத் துண்டுகளில் திருப்பம் உச்சத்திலிருந்து அதன் முக்கால் வரை இறங்குகிறது. பயன்பாடு 99 விழுக்காட்டிலிருந்து 85-க்கு வருகிறது. அடுத்தடுத்த இரண்டு பீம்களுக்கு இடைப்பட்ட பகுதியை பே என்பார்கள். இதற்காகக் கூடுவது ஒரு பேக்கு ஓர் ஆங்கிள். இன்னொன்றையும் கவனியுங்கள். 1.2-ஐ மறந்தவர் இரண்டு தாங்கலுக்கு 210 என்று எழுதி, நிறைய மிச்சம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். சைட்டில் ஒரு தாங்கல் 300 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டால் அவருடைய மிச்சம் இல்லாமலே போகும்.

தாங்கலே வேண்டாம், பெரிய பீமைப் போட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. 9.6 மீட்டர் பயனுறு நீளத்தில் ஐ.எஸ்.எம்.பி. 500 தருவது 134தான். 550 எடுத்தால் 189, ஆனால் அதன் கூடுதல் சொந்த எடையால் தேவை 192 ஆகிவிடுகிறது. ஆக 600-க்குப் போகவேண்டும். மீட்டருக்கு 61.6 கிலோவிலிருந்து 122.6 கிலோ. நான்கு பீமுக்கு ஏறக்குறைய 2 டன் கூடுதல் இரும்பு. கீழே வரப்போகும் தாங்கல் அமைப்போ, கஸெட் தகடுகள் நீங்கலாக 300 கிலோ அளவுதான்.

இடைவெளி முடிவானது. இனி தாங்கல் உண்மையிலேயே தாங்குமா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலான தப்புகள் நடப்பது இந்த இடத்தில்தான்.

விசை எவ்வளவு? மேல் ஃபிளேஞ்சின் உச்ச அழுத்தம் 187 ÷ 0.384 = 487 கிலோநியூட்டன். அதில் 2.5 விழுக்காடு, அதாவது 12.2 கிலோநியூட்டன், ஒரு பீமின் இடைத் தாங்கல்கள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய மொத்தம். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 4. மிகச் சிறிய விசை. அதனால் தாங்கலின் அளவை முடிவு செய்வது விசை இல்லை, ஒல்லித்தன்மை. 2.5 மீட்டர் நீள ஆங்கிள் அழுத்தத்தில் வேலை செய்யவேண்டும், ஒல்லி விகிதம் 180-ஐத் தாண்டக்கூடாது. ஐ.எஸ்.ஏ. 65×65×6-இன் குறைந்தபட்ச ஆரம் 12.6 மி.மீ., விகிதம் 198, ஆகாது. 75×75×6-இல் 14.6 மி.மீ., விகிதம் 171. அதையே எடுத்துக்கொள்வோம்.

எங்கே கட்டுவது? அழுத்தப்படும் ஃபிளேஞ்சுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். தாங்கலின் கோடு, முழுப் பிரிவின் மையத்தைவிட அழுத்தப்படும் ஃபிளேஞ்சின் மையத்துக்கு நெருக்கமாக இருக்கவேண்டும் என்கிறது விதிநூல். நம் பீமில் ஃபிளேஞ்ச் மையம் மேலிருந்து 8 மி.மீ., பிரிவு மையம் 200 மி.மீ. ஆகவே எல்லை மேலிருந்து ஏறத்தாழ 100 மி.மீ. மேலே கிரேட்டிங் வருவதால் ஃபிளேஞ்சின் மேல் எதையும் வைக்க முடியாது. வெப்போடும் மேல் ஃபிளேஞ்சின் அடிப்பக்கத்தோடும் சேர்த்து 10 மி.மீ. கஸெட் தகடு வெல்ட் செய்து, ஆங்கிளின் நடுக்கோடு மேலிருந்து 70 மி.மீ. அளவில் வருமாறு, முனைக்கு இரண்டு எம்16 போல்ட் போடுங்கள். கஸெட்டை வெப்பில் மட்டும் ஒட்டிவிட்டுப் போனால், ஃபிளேஞ்சுக்கும் தாங்கலுக்கும் நடுவே மெல்லிய வெப் மட்டும் வளைந்துகொடுக்கும். தாங்கல் இருக்கும், பிடிப்பு இருக்காது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நான்கு பீம்களையும் ஆங்கிளால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, "பிரேசிங் போட்டாச்சு" என்று விட்டுவிடுவது. கைகோத்து நிற்கும் நான்கு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் கைகள் என்ன செய்யும்? நான்கு பீம்களும் சேர்ந்து ஒரே பக்கம் புரளுவதை அந்த ஆங்கிள்கள் தடுக்காது. இணையான பீம்கள் ஒன்றையொன்று நம்பி நிற்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதிநூலே தெளிவாகச் சொல்கிறது. இந்த வரிசையை எங்காவது அசையாத ஒன்றோடு முடிச்சுப் போடவேண்டும். பக்கத்தில் பலமான கான்கிரீட் சுவரோ மையக் கட்டமைப்போ இருந்தால் அதில் கட்டலாம். இல்லையென்றால் ஒரு பேயில் கிடைமட்டமாகக் குறுக்குக் கட்டு போட்டு, அந்தப் பேயை ஒரு படுக்கை டிரஸ்ஸாக மாற்றி, விசையைப் பீம் முனைகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் மேடையில் நடு பேயை எடுத்துக்கொள்வோம். 2.5 × 2 மீட்டர் அளவில் நான்கு கட்டங்கள் கிடைக்கும், மூலைவிட்டம் 3.2 மீட்டர். பாதுகாப்பாக நான்கு பீம்களின் விசையும் ஒரே பக்கம் தள்ளுவதாக வைத்தால் 49 கிலோநியூட்டன், ஒரு முனைக்கு அதில் பாதி. கடைசிக் கட்டத்தின் மூலைவிட்டத்தில் வரும் இழுவிசை 24.5 × 3.2 ÷ 2.5, அதாவது 31 கிலோநியூட்டன். ஒவ்வொரு கட்டத்திலும் எக்ஸ் வடிவில் போட்டால், எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்று இழுவிசையில் வேலை செய்யும். ஆகவே ஐ.எஸ்.ஏ. 65×65×6 போதும். ஒரு 4.6 தர எம்16 போல்ட் வெட்டு விசையில் 29 கிலோநியூட்டன் தாங்கும், முனைக்கு இரண்டு போட்டால் 58. முனையில் அந்த விசையை வாங்கிக்கொள்ளும் தூண்களுக்கு நடுவே செங்குத்து பிரேசிங் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். டிரஸ்ஸின் தாங்கல் அதுதான்.

கிரேட்டிங்கையே பக்கத் தாங்கலாக எடுத்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி வரும். கிளிப்புகள் அதிர்வில் தளரும், பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டு முழுதாகத் திரும்பி வராது. கணக்கில் சேர்க்காதீர்கள். செக்கர்டு தகட்டை இடையிடையே வெல்ட் செய்திருந்தால் கதை வேறு, அது நல்ல தாங்கல். டெக் ஷீட் மேல் கான்கிரீட் என்றால் கான்கிரீட் இறுகிய பிறகு பீம் புரள வழியே இல்லை. ஆனால் கான்கிரீட் ஊற்றும் நாளில், ஷீட்டின் வரிகள் பீமுக்குக் குறுக்காக ஓடிப் பிடிக்கப்பட்டிருந்தால்தான் பிடிப்பு. பீமுக்கு இணையாக ஓடும் ஷீட் துருத்தி மாதிரி விரிந்து சுருங்கும், எதையும் பிடிக்காது.

மேல் ஃபிளேஞ்சே எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் என்பதும் எளிய தாங்கல் பீமுக்கு மட்டும்தான். கான்டிலீவரில் முழுவதும், தொடர் பீமில் நடுத்தாங்கலின் அருகில், காற்று மேலே தூக்கும் கூரை பீமில் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் கீழ் ஃபிளேஞ்சுதான் அழுத்தப்படுகிறது. மேலே பர்லின் இருப்பதை நம்பிக் கீழே எதுவும் போடாமல் விட்ட கூரைகள் ஏராளம். பர்லினிலிருந்து கீழ் ஃபிளேஞ்சுக்குச் சாய்வாக ஒரு சிறு ஆங்கிள் இறங்குவதைப் பழைய ஷெட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை.

கடைசியாக, பீமைத் தூக்கி வைத்ததற்கும் பிரேசிங் போல்ட் இறுகுவதற்கும் இடைப்பட்ட நாட்கள். அந்த நாட்களில் நம் பீமின் பலம் 68தான். பின்னோக்கிக் கணக்கிட்டால் மீட்டருக்கு 5.7 கிலோநியூட்டன், சொந்த எடை போக 5.1, அதாவது சதுர மீட்டருக்கு வெறும் 2 கிலோநியூட்டன். அதுவும் முனை கிளீட்டின் எல்லா போல்ட்டும் இறுக்கியிருந்தால். கிரேட்டிங் கட்டுகளைக் கிரேனில் இறக்கி இரண்டு பீம்களின் நடுவில் குவித்து வைத்தால் இந்த எல்லை சுலபமாகத் தாண்டிப்போகும். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குறுக்குக் கட்டு வரும் நடு பேயின் இரண்டு பீம்கள், அவற்றின் ஆங்கிள்களும் மூலைவிட்டங்களும் இறுகியபின் ஓரத்து பீம்கள், அவற்றின் தாங்கல்கள், அதற்குப் பிறகே கிரேட்டிங்.

பொருத்தி முடித்ததும் மேல் ஃபிளேஞ்சின் ஓரத்தில் முனைக்கு முனை நூல் கட்டிப் பாருங்கள். 8 மீட்டருக்கு 8 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் எடை ஏற்றாமல் காரணத்தைத் தேடுங்கள். எடை ஏற்றிய பிறகு மறுபடி அளந்து விலகல் கூடியிருந்தால் எடையை உடனே இறக்குங்கள். மேல் ஃபிளேஞ்ச் ஒரு பக்கம் போயிருக்க, கீழ் ஃபிளேஞ்சின் நூல் நேராக இருந்தால் அது வெறும் கோணல் பீம் இல்லை, முறுக்கம் தொடங்கிவிட்டது. முதலில் நடுத் தாங்கலின் போல்ட்டுகளையும், அதன் வரிசை குறுக்குக் கட்டு வரைக்கும் அறாமல் போகிறதா என்பதையும் பாருங்கள். குழாய் போக வழியில்லை என்று யாராவது ஓர் ஆங்கிளை வெட்டி எடுத்திருந்தால் இடைவெளி 2 மீட்டரிலிருந்து 4 ஆகியிருக்கும், மேலே அட்டவணையில் அதற்கு எதிரே இருக்கும் எண் 135.